4072-க்கு விடை 42 வந்திருக்கிறது: டிரேஸ் டேபிளில் எந்த வரியில் பிசகியது?

வேளிமலை

பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணினி அறிவியல் நடத்துகிறேன், தக்கலைப் பக்கம். மழையில் மின்சாரம் நின்று ஆய்வகத்தைத் திறக்க முடியாமல் போனதால், பைத்தான் நிரல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, தாளிலேயே டிரை ரன் செய்யச் சொன்னேன். நிரல் இதுதான்:

```
n = 4072
s = 0
p = 1
while n > 0:
    d = n % 10
    if d % 2 == 0:
        s = s + d * p
        p = p * 10
    n = n // 10
print(s)
```

எண்ணின் இலக்கங்களில் இரட்டைப்படையானவற்றை மட்டும் பொறுக்கி, வரிசை மாறாமல் புதிய எண்ணாகச் சேர்க்கிறது. 4072-இல் 4, 0, 2 மூன்றும் இரட்டைப்படை என்பதால் 402 வர வேண்டும். ஒரு மாணவன் 42 என்று முடித்திருக்கிறான். அவன் தாளில் இருந்ததை அப்படியே பெயர்த்து எழுதுகிறேன். சிறு கோடுகளும் அவன் போட்டவைதான்.

```
n      d    s    p
            0    1
4072   2    2    10
407    7    -    -
40     0    2    -
4      4    42   100
```

s பத்தியை மட்டும் பார்த்தால் முதல் மூன்று சுற்றும் சரி, நான்காவதில்தான் 402-க்குப் பதில் 42. ஆனால் அவனிடம் கேட்டால், "டீச்சர், 2 + 4 × 10 எவ்வளவு? 42 தானே?" என்கிறான். அந்தக் கூட்டலில் பிழை இல்லை. எந்தக் கட்டத்தைச் சுற்றி வட்டம் போடுவது? ஏன் பிசகினான் என்பதைத் தாளை வைத்தே சொல்ல முடியுமா?

மார்த்தாண்டம் டியூஷன்

இதை நான் அடிக்கடி பார்க்கிறேன் டீச்சர். பூச்சியம் இரட்டைப்படை இல்லை என்று நினைத்துவிட்டான், அவ்வளவுதான். என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளில் பலர் 2, 4, 6, 8 என்றுதான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். 0 வந்தால் ஒற்றையும் இல்லை, இரட்டையும் இல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். மூன்றாவது சுற்றில் `if`-க்கு உள்ளே போகாமல் தாண்டிவிட்டான். `0 % 2` என்ன வரும் என்று ஒரு முறை எழுதச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

கோதையாறு

பாலிடெக்னிக்கில் பல ஆண்டுகள் நிரலாக்கத் தாள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

டிரேஸ் டேபிள் திருத்தும்போது சரியான விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக் கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிடக் கூடாது. அப்படிச் செய்தால் ஒரு பிசகு நடந்த பிறகு வரும் எல்லாக் கட்டமும் தவறாகவே தெரியும். ஒவ்வொரு வரிக்கும் அந்த மாணவனே எழுதிய முந்தைய வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து நிரலின்படி அடுத்த வரி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வராத முதல் இடம்தான் பிசகிய இடம்.

இந்தத் தாளில் செய்து பார்ப்போம். தொடக்கம் s = 0, p = 1. முதல் சுற்றில் d = 2, s = 0 + 2 × 1 = 2, p = 10. சரி. இரண்டாவதில் d = 7, நிபந்தனை பொய், s-உம் p-உம் தொடப்படவில்லை. அவனும் இரண்டிலும் கோடு போட்டிருக்கிறான். சரி. மூன்றாவதில் d = 0, நிபந்தனை மெய். s = 2 + 0 × 10 = 2 என்று எழுதியிருக்கிறான், சரி. அதை அடுத்து p = 10 × 10 = 100 வர வேண்டும். அங்கே கோடு. பிசகிய இடம் அந்தக் கட்டம், வேறு எங்கும் இல்லை. நான்காவது வரி அவனுடைய p = 10-இலிருந்து ஒழுங்காகவே வருகிறது: 2 + 4 × 10 = 42, பிறகு p = 100. ஆகவே அவன் உங்களிடம் வாதாடியது நியாயம்தான். நான்காவது வரியில் வட்டம் போட்டால் அவனுக்கு ஒன்றும் புரியாது.

p அச்சாகாத மாறி. அதில் நேர்ந்த பிசகு s-இல் தலைகாட்ட ஒரு சுற்று தாமதமானது. வெளியீட்டில் வரும் மாறியின் பத்தியை மட்டும் ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு எப்போதும் இப்படித்தான் தாமதமாகத் தெரியும்.

மார்த்தாண்டத்து நண்பர் சுற்றைச் சரியாகப் பிடித்துவிட்டார். காரணத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் சேர்த்துப் பாருங்கள். `if`-க்குள் போகாத இரண்டாவது சுற்றில் s-இல் கோடு போட்டவன், மூன்றாவது சுற்றில் s-இல் மீண்டும் 2 என்று எழுதியிருக்கிறான். இவன் கையில் கோடு என்றால் அந்த வரியை இயக்கவில்லை என்று பொருள். எண் எழுதியிருப்பதால் `s = s + d * p` இயங்கியிருக்கிறது. அப்படியானால் 0 இரட்டைப்படை என்று ஏற்றுக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறான். உள்ளே போனபின் `p = p * 10` என்ற வரியை விட்டிருக்கிறான்.

மார்த்தாண்டம் டியூஷன்

சார், ஒரு சிறு கோட்டை வைத்து இவ்வளவு சொல்ல முடியுமா? மேல் கட்டத்தில் இருந்த 2-ஐப் பார்த்து எழுதியிருக்கலாமே? தேர்வறை அவசரத்தில் பிள்ளைகள் ஒரு கட்டத்தில் கோடு போடுவார்கள், அடுத்ததில் எண்ணைத் திரும்ப எழுதுவார்கள். எல்லாரும் ஒரே முறையாக எழுதுவதில்லை.

கோதையாறு

இருக்கலாம். ஒரு கோடு சாட்சி, தீர்ப்பு அல்ல. ஆனால் s இயங்காமல் p-உம் இயங்காமல் இருந்திருந்தால் இரண்டிலும் கோடு இருப்பதுதான் இயல்பு, முந்தைய வரியில் அவனே அப்படிச் செய்திருக்கிறான். நிபந்தனைக்கென்று தனிப் பத்தி வைத்து மெய், பொய் என்று எழுத வைத்திருந்தால் இந்தச் சந்தேகமே எழுந்திருக்காது.

முட்டம்

இவ்வளவு மண்டையை உடைக்க வேண்டுமா? லூப்பின் கடைசி வரியாக ஒரு `print` போட்டு ஓட்டினால் இயந்திரமே டேபிளைத் தந்துவிடும். அதை மாணவன் தாளோடு ஒப்பிட்டால் முடிந்தது. நான் ஓட்டிப் பார்த்தேன்:

```
print(n, d, s, p)

407 2 2 10
40 7 2 10
4 0 2 100
0 4 402 1000
```

இதன்படி பார்த்தால் மாணவன் n பத்தி முழுவதையும் தவறாக எழுதியிருக்கிறான். முதல் வரியில் 407 இருக்க வேண்டிய இடத்தில் 4072 போட்டிருக்கிறான். எல்லா வரியும் ஒன்று தள்ளிப் போயிருக்கிறது. பிழை முதல் வரியிலேயே தொடங்கிவிட்டது அல்லவா?

பேச்சிப்பாறை

இல்லை அண்ணா, n பத்தியில் பிழையே இல்லை. நீங்கள் `print`-ஐ வைத்த இடம் வேறு, அவன் எழுதிய தருணம் வேறு. உங்களுடைய `print` சுற்று முடிந்த பிறகு ஓடுகிறது. அதற்குள் `n = n // 10` நடந்துவிட்டது. மாணவன் n-ஐச் சுற்று தொடங்கும்போது எழுதுகிறான். அந்த n-இலிருந்து d-ஐ எடுக்கிறான். பிறகு s, p இரண்டையும் சுற்றின் முடிவில் எழுதுகிறான். ஒரே வரியில் இரண்டு தருணங்கள் இருக்கின்றன. தாளில் எழுதும் பெரும்பாலானோர் இப்படித்தான் எழுதுவார்கள், ஏனென்றால் 4072-க்கு நேராக 2 இருந்தால்தான் கண்ணுக்குப் புரியும்.

`print`-ஐ `d`-க்கு அடுத்து வைத்தால் n, d இரண்டும் பொருந்தும், ஆனால் s, p இரண்டும் முந்தைய சுற்றின் மதிப்பாக வரும். இயந்திரத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் சுற்றின் தொடக்கத்தில் `m = n` என்று ஒரு நகலை எடுத்துவைத்துக்கொண்டு, கடைசியில் `print(m, d, s, p)` போடுங்கள். அப்போது மூன்றாவது வரியின் p மட்டும் மாறுபட்டுத் தெரியும். அதற்கு அடுத்த வரியில் s, p இரண்டும் மாறுபடும். அதில் எது காரணம், எது விளைவு என்று இயந்திரம் சொல்லாது. கோதையாறு சார் சொன்ன முறையில்தான் பார்க்க வேண்டும்.

முட்டம்

நகலை எடுத்து ஓட்டிப் பார்த்தேன் தம்பி. 4072, 407, 40, 4 என்று வருகிறது. n பத்தி அவன் எழுதியதேதான்.

குளச்சல் அம்மா

நானும் இதே போன்ற ஒன்றைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். என் மகள் பதினொன்றாம் வகுப்பு, அவளுக்கு சி++ பாடம். 1 முதல் 5 வரை கூட்டும் நிரலுக்கு டிரேஸ் டேபிள் எழுதியிருந்தாள். `for (i = 1; i <= 5; i++)` என்று இருந்தது. அவள் கடைசியாக i = 6, கூட்டுத்தொகை 15 என்று ஆறாவது வரியும் எழுதியிருக்கிறாள். லூப் ஐந்து முறைதான் ஓடும் என்று சொல்லி அந்த வரியை அடித்துவிட்டு மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டார்கள். அவளும் பிசகிவிட்டாளா?

கோதையாறு

இல்லையம்மா, உங்கள் மகள் எழுதியது சரி. ஐந்தாவது சுற்று முடிந்ததும் `i++` நடந்து i உண்மையிலேயே 6 ஆகிறது. பிறகு `6 <= 5` சோதிக்கப்பட்டுப் பொய்யாகிறது. லூப்பின் உடல் ஓடவில்லை என்பதால் கூட்டுத்தொகை 15-ஆகவே நிற்கிறது. அவள் அந்த வரியில் 21 என்று எழுதியிருந்தால் ஒரு சுற்று கூடுதலாக ஓட்டிவிட்டாள் என்று அர்த்தம். 15 என்று எழுதியதால், சோதனை தோற்ற தருணத்தைப் பதிவு செய்திருக்கிறாள். வரி எத்தனை என்று எண்ணி அடிக்காமல், அந்த வரியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு பைத்தானுக்கு வரும்போது அவளிடம் ஒன்றை நினைவுபடுத்துங்கள். `for i in range(1, 6)` என்று எழுதினால் i ஒருபோதும் 6 ஆகாது. லூப் முடிந்த பிறகும் 5-ஆகவே இருக்கும். சி++ பழக்கத்தில் அங்கேயும் 6 என்று எழுதினால் அப்போது அது பிழை.

பேச்சிப்பாறை

அம்மாவின் கேள்வியால் எனக்கு ஒன்று தோன்றியது. வேளிமலை டீச்சர் கொடுத்த நிரலில் யாராவது உண்மையிலேயே ஒரு சுற்று கூடுதலாக ஓட்டினால் என்ன ஆகும்? n = 0, d = 0, 0 இரட்டைப்படை, s = 402 + 0 = 402, p = 10000. வெளியீடு 402-தான்! கூடுதல் சுற்றை வெளியீடு காட்டிக்கொடுக்காது. டீச்சர், 402 என்று சரியாக முடித்தவர்களின் தாள்களில் n = 0 வரி இருக்கிறதா, அதில் p என்ன என்று ஒரு பார்வை பாருங்கள்.

வேளிமலை

பார்த்தேன். கூடுதல் சுற்று ஓட்டியவர்கள் யாரும் இல்லை. ஆனால் வேறு ஒரு தாள் கிடைத்தது, அது என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. விடை 402, சரி. டேபிள் இப்படி இருக்கிறது:

```
n      d    s     p
            0     1
4072   2    2     10
407    7    2     10
40     0    2     10
4      4    402   1000
```

கோதையாறு சார் முறையில் ஓட்டினேன். மூன்றாவது வரியில் p = 10, முதல் மாணவன் பிசகிய அதே இடம். ஆனால் நான்காவது வரி அவளுடைய p-இலிருந்து வரவில்லை. p = 10 என்றால் 42 வர வேண்டும், 402 வராது. p-உம் 100-தான் ஆகும், 1000 ஆகாது. ஆகவே இந்தத் தாளில் இரண்டு இடங்களில் தொடர்ச்சி அறுகிறது, விடை மட்டும் சரி. 42 எழுதியவன் ஒரே ஓர் இடத்தில் பிசகி, அதன்பின் நேர்மையாக ஓட்டியிருக்கிறான். வெளியீட்டுக்கு மட்டும் மதிப்பெண் என்றால் இவளுக்கு முழுதும் கிடைக்கும், அவனுக்கு ஒன்றுமில்லை.

மார்த்தாண்டம் டியூஷன்

நிரல் என்ன செய்கிறது என்று அந்தப் பெண் புரிந்துகொண்டிருக்கிறாள் டீச்சர். 4072-ஐப் பார்த்ததும் 402 என்று கண்டுபிடித்து, கடைசி வரியை அதற்கு ஏற்ப நிரப்பியிருக்கிறாள். அதுவும் ஒரு அறிவுதான். தேர்வில் வெளியீட்டைத்தானே கேட்கிறார்கள்?

கோதையாறு

அறிவுதான், மறுக்கவில்லை. ஆனால் டிரை ரன் எதற்காகச் செய்கிறோம்? நிரல் எழுதியவன் எண்ணியது ஒன்றாகவும் எழுதியது வேறொன்றாகவும் இருக்கும்போது அந்த வேறுபாட்டைப் பிடிப்பதற்காக. கரும்பலகையில் டீச்சர் `p = p * 10` வரியை உள்தள்ளல் இல்லாமல் `if`-க்கு நேராக எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 7-க்கும் p பெருகி, மூன்றாவது சுற்றின் முடிவில் 1000 ஆகி, வெளியீடு 4002 வந்திருக்கும். நோக்கத்தைப் பார்த்து நிரப்புகிறவள் அப்போதும் 402 என்றே எழுதுவாள். வரியைப் பார்த்து ஓட்டுகிறவனுக்குத்தான் 4002 கிடைக்கும்.

அந்தப் பெண் நோக்கத்தைப் பார்த்துத்தான் நிரப்பினாள் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. p-ஐ மனத்தில் 100 ஆக்கிவிட்டு, தாளில் எழுத மறந்தும் இருக்கலாம். அப்படியானால் நான்காவது வரியில் 1000 வருவது பொருந்துகிறது. இரண்டு விளக்கமும் இந்தத் தாளுக்கு ஒத்துப்போகின்றன.

வேளிமலை

நான்காவது வரியின் 1000-ஐ அப்படி நான் யோசிக்கவில்லை சார். மனத்தில் சரியாக ஓட்டியிருந்தால் விட்டுப்போனது ஒரே ஓர் எண்தான்.

சரி, முதல் மாணவனிடம் வருகிறேன். அவன் `if`-க்குள் போனானா இல்லையா என்ற வழக்கை எப்படித் தீர்ப்பது? நேரே கேட்டால், நான் எதிர்பார்க்கும் பதிலை ஊகித்துச் சொல்லிவிடுவான்.

பேச்சிப்பாறை

கேட்க வேண்டாம் டீச்சர், இன்னொரு நிரலைக் கொடுங்கள். இதே நிரலில் நிபந்தனையை மட்டும் மாற்றுங்கள்:

```
    if d < 5:
```

4072-க்கு 2 உள்ளே போகும், 7 போகாது, 0 போகும், 4 போகும். ஓட்டமும் விடையும் அப்படியே, 402. ஆனால் 0 ஐந்தைவிடச் சிறியது என்பதில் யாருக்கும் ஐயம் வராது. இதிலும் 42 என்று எழுதினால் இரட்டைப்படைக் குழப்பம் காரணம் அல்ல. 402 எழுதினால் மார்த்தாண்டம் அண்ணன் சொன்னதே சரி.

கோதையாறு

நல்ல சோதனை. எண்ணை மட்டும் மாற்றுங்கள், 42 என்ற பழைய விடை நினைவில் இருக்கக் கூடாது. 3081 கொடுக்கலாம். 1 போகும், 8 போகாது, 0 போகும், 3 போகும். சரியான விடை 301. பழைய பிசகு தொடர்ந்தால் 31.

மார்த்தாண்டம் டியூஷன்

நானும் என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு முதலில் டீச்சருடைய நிரலையும், பிறகு இதையும் கொடுத்துப் பார்க்கிறேன்.

வேளிமலை

இன்று கொடுத்தேன். அவன் 31 என்று எழுதினான். மூன்றாவது வரியில் s-இல் 1 என்று எழுதி, p-இல் கோடு. அச்சு அசலாகப் பழைய தாள் போலவே.

அதன் பிறகுதான், அந்தக் கோட்டைச் சுட்டிக்காட்டி, "இந்தக் கட்டத்துக்கு நிரலின் எந்த வரி?" என்று கேட்டேன். `p = p * 10`-ஐச் சரியாகத் தொட்டான். "அப்படியானால் ஏன் கோடு?" என்றேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "p என்பது அடுத்த இலக்கம் போய் உட்கார வேண்டிய இடம் டீச்சர். 0 வந்து உட்காரவில்லை, s மாறவே இல்லை. இடம் காலியாகத்தானே இருக்கிறது? அதனால் p நகரக் கூடாது."

p-க்கு ஒரு பொருளைக் கண்டுபிடித்துவிட்டு, வரியை விட்டுவிட்டு அந்தப் பொருளை ஓட்டியிருக்கிறான். பொருளும் ஏறக்குறையச் சரி என்பதுதான் சிக்கல்.

கோதையாறு

அருமையான பதில் சொல்லியிருக்கிறான். இந்தப் பையனுக்கு `0 % 2` எழுதிக் காட்டியிருந்தால் ஒரு பயனும் இருந்திருக்காது.

இவனுக்கு நான் ஒன்று பரிந்துரைக்கிறேன். நிரல் வரிகளுக்கு 1 முதல் 10 வரை எண் இடுங்கள். டேபிளின் முதல் பத்தியில் இயங்கும் வரியின் எண்ணை எழுதச் சொல்லுங்கள். அடிக்கோலை நிரலில் அந்த வரிக்குக் கீழே வைத்து, அது முடிந்த பிறகே நகர்த்த வேண்டும். மூன்றாவது சுற்றில் 4, 5, 6, 7, 8, 9 என்று எழுதுவான். 8 என்று எழுதிவிட்டு p-இல் கோடு போடக் கை வராது.

முட்டம்

ஆனால் அப்படி எழுதினால் இந்தச் சின்ன நிரலுக்கே எத்தனை வரி வரும்? எண்ணிப் பார்த்தேன். தொடக்கத்தில் 3, உள்ளே போகும் சுற்றுகள் மூன்றுக்கும் ஆறாறு, 7 வரும் சுற்றுக்கு 4, கடைசிச் சோதனை ஒன்று, `print` ஒன்று. மொத்தம் 27 வரி. இப்போது அவன் எழுதுவது 5. பரீட்சையில் இதற்கு நேரம் இருக்குமா?

கோதையாறு

பரீட்சைக்கு அல்ல, பழகும் வரைக்கும்தான். பரீட்சைத் தாளில் சுற்றுக்கு ஒரு வரி போதும், ஆனால் கோடு வேண்டாம். மாறாத மதிப்பையும் எண்ணாகவே எழுதட்டும்.

பேச்சிப்பாறை

அதில் எனக்கு உடன்பாடில்லை சார். எல்லாக் கட்டத்திலும் எண் எழுதச் சொன்னால், இரண்டாவது சுற்றில் இயங்காமல் 2, மூன்றாவது சுற்றில் இயங்கி 2, இரண்டும் ஒன்று போலத் தெரியும். இந்தப் பையன் கோடு போட்டதால்தானே நீங்கள் அவன் உள்ளே போனான் என்று கண்டுபிடித்தீர்கள்? அந்தப் பெண்ணின் தாளில் கோடே இல்லை, எல்லாம் எண்கள். அதனால்தான் அவள் என்ன செய்தாள் என்று நமக்கு இன்னும் தெரியவில்லை.

கோதையாறு

அப்படியானால் நிபந்தனைப் பத்தி கட்டாயம், கோடு அவரவர் விருப்பம். அதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன்.

மார்த்தாண்டம் டியூஷன்

என்னுடைய பிள்ளைகளின் தாள்களும் வந்துவிட்டன. டீச்சரின் நிரலுக்கு 42 எழுதியவர்களில் ஒரு பையனின் தாளைச் சொல்கிறேன். மூன்றாவது வரியில் s, p இரண்டிலும் கோடு. அவனே `d < 5` நிரலுக்கு 301 என்று சரியாக எழுதியிருக்கிறான், p-உம் 100 ஆகியிருக்கிறது. இவனுக்குப் பூச்சியம்தான் குழப்பம், கேட்டதும் ஒப்புக்கொண்டான். ஆக, 42 என்ற ஒரே விடைக்கு டீச்சருடைய பையனிடம் ஒரு காரணம், என்னுடைய பையனிடம் இன்னொன்று. கோடுகள் இரண்டு தாளிலும் சரியாகத்தான் காட்டியிருக்கின்றன.

வேளிமலை

உங்கள் பையனின் தாளையும் என் மாணவனுக்குக் காட்டப் போகிறேன், பெயரை மறைத்துவிட்டு. இருவரும் 42-க்கு எப்படி வந்தார்கள் என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.

மதிப்பெண் விஷயத்தில் இப்போதைக்கு இப்படிச் செய்திருக்கிறேன்: டேபிளுக்கு வரிக்கு ஒன்று என நான்கு, வெளியீட்டுக்கு ஒன்று. என் மாணவனுக்கு மூன்றாவது வரிக்கும் வெளியீட்டுக்கும் போய் 3. அந்தப் பெண்ணுக்கு மூன்றாவது, நான்காவது வரிகள் போய், வெளியீட்டோடு சேர்த்து அவளுக்கும் 3. அவள் வந்து கேட்டாள்: "என் விடை சரி, அவன் விடை தவறு, இருவருக்கும் எப்படி ஒரே மதிப்பெண்?" நாளை `p = p * 10`-ஐ வெளியே எடுத்த நிரலைக் கொடுத்து, அவள் 402 எழுதுகிறாளா 4002 எழுதுகிறாளா என்று பார்த்த பிறகுதான் அவளுக்குப் பதில் சொல்வேன்.

குளச்சல் அம்மா

டீச்சர், அந்தத் தாள் வந்ததும் இங்கே எழுதுங்கள். என் மகளின் ஆறாவது வரிக்கு நாங்களும் நாளை பள்ளிக்குப் போய்க் கேட்கிறோம். கோதையாறு சார் சொன்ன 15, 21 விளக்கத்தை அவளே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள்.